போக 60, வர 30ன்னா சராசரி வேகம் 45 இல்ல: போய்ட்டு வர்ற கணக்கு முழுசா

நான் இருக்கிறது திருச்சி ஜங்ஷன் பக்கத்துல. அம்மா தஞ்சாவூர்ல சித்தப்பா வீட்ல இருந்தாங்க. அவங்கள பைக்ல போய் கூட்டிட்டு வந்து 7:50க்கு மதுரை பக்கம் போற ரயில்ல ஏத்தி விடணும், இதான் அன்னிக்கு பிளான். என் வீட்டு வாசல்ல இருந்து சித்தப்பா வீட்டு வாசல் வரைக்கும் வண்டி மீட்டர்ல சரியா 60 கிலோமீட்டர் காட்டும். தனியா போறப்ப 60ல போயிடுவேன், வர்றப்ப அம்மா பின்னாடி உக்காந்திருப்பாங்க, மடியில பை, கையில இன்னொரு பை, 30ஐ தாண்டினாலே தோள்ல தட்டிடுவாங்க. சரி, போக 60 வர 30, சராசரி 45, மொத்தம் 120 கிலோமீட்டர், 120ஐ 45ஆல வகுத்தா 2 மணி 40 நிமிஷம், 5 மணிக்கு கிளம்பினா 7:40க்கு ஸ்டேஷன்ல நிக்கலாம்னு போட்டேன். அங்க அம்மா பையோட வாசல்லயே நின்னுட்டு இருந்தாங்க, ஒரு நிமிஷம் கூட வீணாகல, ரெண்டு பக்கமும் நான் நினைச்ச வேகத்துலயேதான் ஓட்டினேன். ஸ்டேஷன் வந்து சேர்ந்தப்ப மணி 8. ரயில் போயிடுச்சு.

வண்டியிலயும் தப்பு இல்ல, ரோட்லயும் தப்பு இல்ல, நான் போட்ட 45லதான் தப்பு. அந்த 20 நிமிஷம் எங்க போச்சுங்கிறத பிடிச்சுட்டா இந்த வகை கணக்கு மொத்தமும் கைக்கு வந்துடும், அதனால அந்த ஒரே பயணத்த வச்சே மெதுவா போவோம்.

முதல்ல சராசரி வேகம்னா என்ன

நிறைய பேர் இத "ரெண்டு வேகத்தோட சராசரி"ன்னு புரிஞ்சு வச்சிருக்காங்க. அது இல்ல. மொத்த தூரத்த மொத்த நேரத்தால வகுத்தா வர்றதுதான் சராசரி வேகம். இன்னொரு மாதிரி சொன்னா, நீங்க ஏற்ற இறக்கமா ஓட்டுன அதே தூரத்த அதே நேரத்துல ஒரே சீரான வேகத்துல ஓட்டி முடிக்கணும்னா எந்த வேகம் வேணுமோ அது. இந்த ரெண்டாவது வாக்கியம் எனக்கு ரொம்ப பிடிக்கும், ஏன்னா விடை சரியா தப்பான்னு இத வச்சே செக் பண்ணிடலாம். என் பயணத்துக்கு விடை 45ன்னு சொன்னீங்கன்னா, 45லயே சீரா 120 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்க, 2 மணி 40 நிமிஷம் வருது, ஆனா உண்மையில ஆனது 3 மணி நேரம், அப்ப 45 தப்பு. 40ல ஓட்டிப் பாருங்க, சரியா 3 மணி நேரம். அதான் விடை.

படி படியா போடுறது

முதல் படி, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஆன நேரத்த தனித்தனியா எடுங்க. நேரம்னா தூரத்த வேகத்தால வகுக்கிறது. போக 60 கிலோமீட்டர், வேகம் 60, அப்ப 1 மணி நேரம். வர அதே 60 கிலோமீட்டர், வேகம் 30, அப்ப 2 மணி நேரம். ரெண்டாவது படி, தூரத்த கூட்டுங்க, 60உம் 60உம் 120. மூணாவது படி, நேரத்த கூட்டுங்க, 1உம் 2உம் 3. கடைசி படி, 120ஐ 3ஆல வகுங்க, 40.

அவ்ளோதான், இதுல ஃபார்முலான்னு எதுவுமே இல்ல பாருங்க. எந்த மாதிரி குழப்பி கேட்டாலும் இந்த நாலு படி மாறாது, அதனால ஃபார்முலா பக்கம் போறதுக்கு முன்னாடி இதுல ஒரு நாலஞ்சு கணக்கு கையால போட்டுப் பழகிடுங்க.

கணக்குல தூரமே குடுக்கலன்னா? "ஒருவர் A-யிலிருந்து B-க்கு 60 கி.மீ. வேகத்தில் சென்று 40 கி.மீ. வேகத்தில் திரும்புகிறார்"னு மட்டும் கேப்பாங்க, தூரம் இருக்காது. பயப்பட வேண்டாம், ரெண்டு வேகத்தாலயும் மீதி இல்லாம வகுபடுற ஒரு தூரத்த நீங்களே வச்சுக்கலாம். 60க்கும் 40க்கும் மீ.சி.ம. 120. போக 2 மணி நேரம், வர 3 மணி நேரம், மொத்தம் 240 கிலோமீட்டர், 5 மணி நேரம், விடை 48. தூரம் 12ன்னு வச்சாலும், 1000ன்னு வச்சாலும் இதே 48தான் வரும், ஏன்னா தூரத்த ரெண்டு மடங்கு ஆக்கினா நேரமும் ரெண்டு மடங்கு ஆகுது, வகுக்குறப்ப அது அடிபட்டுப் போயிடுது.

சாதா சராசரி எங்க சறுக்குது

இதத்தான் நிறைய இடத்துல ஒரு வரியில தாண்டிப் போயிடுறாங்க, எனக்கு இதுதான் முக்கியமா படுது. பைக்ல பின்னாடி ஒரு தம்பி நோட்டோட உக்காந்திருக்கான்னு வச்சுக்கோங்க. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ ஸ்பீடோமீட்டர எட்டிப் பாத்து எழுதணும், அதான் அவன் வேல. போறப்ப 1 மணி நேரம், அப்ப ஆறு தடவ எழுதுவான், ஆறும் 60. வர்றப்ப 2 மணி நேரம், பன்னெண்டு தடவ எழுதுவான், பன்னெண்டும் 30. வீட்டுக்கு வந்து நோட்ட திறந்தா மொத்தம் பதினெட்டு நம்பர் இருக்கும். கூட்டுங்க: ஆறு அறுபது 360, பன்னெண்டு முப்பது 360, மொத்தம் 720. பதினெட்டால வகுங்க. 40.

கவனிச்சீங்களா, இங்க நாம போட்டது சாதா சராசரிதான், கூட்டி வகுத்தோம், அதுவும் சரியான விடை குடுத்துச்சு. அப்ப சாதா சராசரி மேல குத்தம் இல்ல, எத கூட்டி எத்தனையால வகுக்கிறோம்ங்கிறதுலதான் விஷயம் இருக்கு.

இப்ப அதே தம்பிகிட்ட வேற வேல குடுங்க, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ வேண்டாம்டா, ரோட்டோரம் கிலோமீட்டர் கல்ல பாத்து பத்து கிலோமீட்டருக்கு ஒரு தடவ எழுதுன்னு சொல்லுங்க. போறப்ப ஆறு தடவ 60, வர்றப்பவும் ஆறே தடவ 30. கூட்டினா 540, பன்னெண்டால வகுத்தா 45. அதாவது நான் ரயில விட்ட அதே 45. ரெண்டு நோட்டும் ஒரே பயணத்தோடதுதான், ஆனா ரெண்டாவது நோட்டுல ஒரு பத்து கிலோமீட்டர கடக்க 10 நிமிஷம் ஆனாலும் ஒரு வரி, 20 நிமிஷம் ஆனாலும் ஒரே வரி. மெதுவா போன நேரம் அதுல பாதியா சுருங்கிடுது. வேகம்ங்கிறது மணிக்கு இத்தனைன்னு நேரத்த வச்சு அளக்குறது, அதனால எந்த வேகத்துல எவ்ளோ நேரம் இருந்தோமோ அந்த அளவுக்குத்தான் அதுக்கு எடை குடுக்கணும். நான் 30ல 2 மணி நேரம் இருந்தேன், 60ல 1 மணி நேரம்தான் இருந்தேன், ரெண்டுக்கும் சம எடை குடுத்தது என் தப்பு.

அப்ப 45 எப்ப சரியா வரும்? 60ல 1 மணி நேரமும் 30ல 1 மணி நேரமும் ஓட்டினா வரும், அப்ப தூரம் 60உம் 30உம் 90, நேரம் 2, விடை 45. கணக்க படிக்கிறப்ப "பாதி தூரம்"னு இருக்கா "பாதி நேரம்"னு இருக்கான்னு விரல் வச்சு பாருங்க. பாதி நேரம்னா சாதா சராசரி போடலாம். பாதி தூரம்னாலோ, போய் வந்தார்னாலோ போடக்கூடாது.

ஃபார்முலா எங்கிருந்து வருது

ஒரு பக்க தூரம் d, போற வேகம் a, வர்ற வேகம் b. நேரம் d/a, அப்புறம் d/b. மொத்த தூரம் 2d. இத அப்படியே வகுத்தா:

```
சராசரி வேகம் = 2d / (d/a + d/b) = 2ab / (a + b)
```

d மேலயும் கீழயும் இருக்கிறதால போயிடுது, தூரம் குடுக்காமலே கேக்குறதுக்கு காரணம் இதான். 60, 30 போட்டா 2 × 60 × 30 = 3600, கீழ 90, விடை 40. புள்ளியியல்ல இதுக்கு இசைச் சராசரின்னு பேர், நாம வழக்கமா போடுறது கூட்டுச் சராசரி.

மனசுலயே போடணும்னா நான் பண்றது வேற. தூரம் சமமா இருந்தா வேகத்துக்கு தலைகீழா நேரம் பிரியும், 60:40 வேகம்னா நேரம் 2:3. அப்ப 40க்கும் 60க்கும் நடுவுல இருக்கிற 20 இடைவெளிய அஞ்சு பங்கா பிரிச்சா ஒரு பங்கு 4, மெதுவான 40ல இருந்து ரெண்டு பங்கு மட்டும் மேல ஏறுங்க, 48. விடை எப்பவும் மெதுவான வேகத்து பக்கமாவே சாஞ்சு நிக்கும், நடுவுல நிக்கவே நிக்காது, ரெண்டு வேகமும் ஒண்ணாவே இருந்தாத்தான் நடுவும் அதுவும் ஒண்ணு.

எவ்ளோ சாயும்னும் சொல்லலாம். சாதா சராசரிக்கும் சரியான விடைக்கும் உள்ள வித்தியாசம் `(a − b)² / (2(a + b))`. 60, 40க்கு 400ஐ 200ஆல வகுத்தா 2, அதான் 50க்கு பதிலா 48. 60, 30க்கு 900ஐ 180ஆல வகுத்தா 5, அதான் 45க்கு பதிலா 40. மேல வர்க்கம் இருக்கிறத பாருங்க, ரெண்டு வேகமும் பக்கத்து பக்கத்துல இருந்தா வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது, விலக விலக பயங்கரமா ஏறும். 100லயும் 20லயும் போய் வந்தா சாதா சராசரி 60, உண்மையான விடை 33.3.

ஊட்டி மலை ரயில்ல பாப்போம்

பக்கத்து பக்கத்து வேகத்துக்கு நல்ல உதாரணம் நம்ம மேட்டுப்பாளையம் ஊட்டி மலை ரயில். தூரம் 46 கிலோமீட்டர். ஏற ஏறத்தாழ 290 நிமிஷம் ஆகும், இறங்க 215 நிமிஷம். கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் தண்டவாளத்துக்கு நடுவுல பல் வச்ச தண்டவாளம் ஓடும், இன்ஜின் அந்தப் பல்ல பிடிச்சு பிடிச்சுத்தான் ஏறும், இறங்குறப்பவும் பிரேக் பிடிச்சுட்டேதான் வரணும், அதனாலதான் இறக்கம்னாலும் பெருசா பறந்துட முடியாது.

ஏறுற வேகம் 46ஐ 290ஆல வகுத்து 60ஆல பெருக்கினா மணிக்கு 9.5 கிலோமீட்டர். இறங்குற வேகம் அதே மாதிரி 12.8. சாதா சராசரி 11.15. சரியா போட்டா மொத்தம் 92 கிலோமீட்டர், 505 நிமிஷம், 92 × 60ஐ 505ஆல வகுக்கணும், 10.93 வருது. வித்தியாசம் கால் கிலோமீட்டர் கூட இல்ல. இந்த மாதிரி இடத்துலதான் ஏமாந்துடுவோம், சாதா சராசரியே போதும்போலன்னு மனசுல பதிஞ்சுடும், அப்புறம் 60, 30 வர்றப்ப அதே பழக்கத்துல போட்டு ரயில விட்டுடுவோம்.

இன்னொரு விஷயம், இந்த நிமிஷ கணக்குல வழியில ஸ்டேஷன்ல நிக்கிற நேரமும் சேந்தே இருக்கு. சராசரி வேகம்னா நின்ன நேரமும் மொத்த நேரத்துல வரும். நான் தஞ்சாவூர்ல அரை மணி நேரம் உக்காந்து டிபன் சாப்ட்டிருந்தா மொத்தம் மூணரை மணி நேரம், சராசரி 34.3க்கு இறங்கியிருக்கும். கேள்வியில "நிறுத்தங்களைத் தவிர்த்து"ன்னு சொன்னா மட்டும் அத கழிச்சுக்கணும்.

தலைகீழா கேட்டா

"போக 30ல போயிட்டேன், மொத்த சராசரி 45 வரணும், வர எந்த வேகத்துல வரணும்?" உடனே 60ன்னு வாயில வரும். நில்லுங்க. 120 கிலோமீட்டர் 45ல முடிக்கணும்னா 2 மணி 40 நிமிஷம்தான் கையில இருக்கு, அதுல 2 மணி நேரம் போறதுக்கே போயிடுச்சு, மிச்சம் 40 நிமிஷம். 60 கிலோமீட்டர 40 நிமிஷத்துல கடக்கணும்னா வேகம் 90.

சரி, சராசரி 50 வேணும்னா? மொத்தம் 2 மணி 24 நிமிஷம், மிச்சம் 24 நிமிஷம், வேகம் 150. பைக்ல நடக்காத காரியம். சராசரி 60 வேணும்னா? மொத்தம் 2 மணி நேரம், அந்த 2 மணி நேரமும் போறப்பவே தீந்து போச்சு, மிச்சம் பூஜ்யம். ராக்கெட்ல வந்தாலும் முடியாது. ஒரு பக்கம் எந்த வேகத்துல போனீங்களோ அதோட ரெண்டு மடங்க போய்வர்ற சராசரி ஒருநாளும் தொடாது, ஏன்னா ரெண்டு மடங்கு வேகத்துல முழுப் பயணத்துக்கும் ஆகுற நேரத்த அந்த ஒரு பக்கமே தின்னுடுது.

மாக்ஸ் வெர்தைமர்ங்கிற உளவியலாளர் 1930கள்ல இதையே ஐன்ஸ்டீனுக்கு எழுதி அனுப்பினார். ஒரு பழைய கார், ஒரு மைல் மேடு, அடுத்து ஒரு மைல் இறக்கம், மேட்டுல மணிக்கு 15 மைல்தான் போக முடிஞ்சுது, மொத்தத்துல 30 வரணும்னா இறக்கத்துல எவ்ளோ வேகம் வேணும்னு கேட்டார். நமக்கெல்லாம் 45ன்னு தோணும். ஆனா 30ல ரெண்டு மைலுக்கு 4 நிமிஷம், 15ல ஒரு மைல் ஏறவே அதே 4 நிமிஷம் ஆயிடுச்சு. கணக்கு போட்டுப் பாத்த பிறகுதான் இறங்க நேரமே மிச்சம் இல்லன்னு கவனிச்சேன்னு ஐன்ஸ்டீன் பதில் எழுதினார். அவரும் முதல்ல நேரத்தத்தான் எழுதிப் பாத்திருக்கார், நாமளும் அதையே செய்யணும்.

எங்கெங்க தப்பு வருது

2ab/(a+b) ரெண்டு பக்கமும் ஒரே தூரமா இருந்தா மட்டும்தான் செல்லும். போக நேர் ரோட்ல 60 கிலோமீட்டர் 60ல போறீங்க, வர சுத்து வழியில 80 கிலோமீட்டர் 40ல வர்றீங்கன்னு வைங்க. நேரம் 1உம் 2உம் 3, தூரம் 140, சராசரி 46.7. ஃபார்முலால போட்டா 48 வரும், சாதா சராசரி 50 சொல்லும், ரெண்டுமே தப்பு. தூரம் மாறுனா பேசாம நாலு படிக்கு திரும்பி வந்துடுங்க. மூணு சமமான பகுதின்னாலும் ரெண்டு ரெண்டா சேத்து ஃபார்முலா போடாதீங்க. 60, 30, 20ன்னு மூணு வேகம், ஒவ்வொண்ணும் 60 கிலோமீட்டர்னா 1, 2, 3 மணி நேரம், 180ஐ 6ஆல வகுத்தா 30. முதல் ரெண்டுக்கு 40 எடுத்து அதையும் 20யும் திரும்ப ஃபார்முலால போட்டா 26.7 வரும், ஏன்னா அந்த 40ங்கிறது 120 கிலோமீட்டரோட வேகம், 20 வெறும் 60 கிலோமீட்டரோட வேகம், தூரம் சமமில்ல.

அடுத்தது மணி நிமிஷம். 2 மணி 24 நிமிஷத்த 2.24ன்னு எழுதி வகுக்கிறவங்க நிறைய. அது 2.4. 1 மணி 20 நிமிஷம் 1.2 இல்ல, 1.333. இதுக்கு நான் பண்றது எல்லாத்தையும் நிமிஷமாவே வச்சுக்கிட்டு கடைசியா ஒரே தடவ 60ஆல பெருக்குறது, மேல மலை ரயிலுக்கு போட்ட மாதிரி. நடுவுல ரவுண்டும் பண்ண வேண்டாம்.

விடைய எழுதுறதுக்கு முன்னாடி மூணே பார்வை. ரெண்டு வேகத்துக்கும் நடுவுல இருக்கா? சாதா சராசரிய விட கம்மியா இருக்கா? மெதுவான வேகத்தோட ரெண்டு மடங்குக்கு கீழ இருக்கா? போய்வர்ற கணக்குல இதுல ஒண்ணு இல்லன்னாலும் எங்கயோ சறுக்கியிருக்கீங்க. பரீட்சைல நாலு ஆப்ஷன்ல சாதா சராசரி பெரும்பாலும் ஒண்ணா உக்காந்திருக்கும், அது பக்கம் கை போறப்ப இந்த ரெண்டாவது பார்வை தடுத்துடும். அதோட பள்ளிப் புத்தகத்துல வேகம் வேற, திசைவேகம் வேற. கேள்வியில சராசரி திசைவேகம்னு இருந்தா, கிளம்பின இடத்துக்கே திரும்பி வந்துட்டதால இடப்பெயர்ச்சி பூஜ்யம், விடையும் பூஜ்யம்.

போன மாசம் திரும்பவும் அதே வேல வந்துச்சு, அதே 7:50 ரயில், ஆனா மழை. போக 50க்கு மேல முடியாது, அம்மா பின்னாடி இருந்தா ஈர ரோட்ல 25தான். பழைய மாதிரி போட்டிருந்தா சராசரி 37.5, மூணு மணி 12 நிமிஷம்னு வந்திருக்கும். இந்த தடவ நிமிஷத்துல போட்டேன், போக 60ஐ 50ஆல வகுத்து 72 நிமிஷம், வர 60ஐ 25ஆல வகுத்து 144 நிமிஷம், மொத்தம் 216, அதாவது 3 மணி 36 நிமிஷம். சராசரி 33.3தான் வருது. 4 மணிக்கு கிளம்பினேன். 7:40க்கு பிளாட்பாரத்துல நின்னோம், அம்மாவுக்கு ஒரு டீ வாங்கிக் குடுக்கிற அளவுக்கு நேரம் இருந்துச்சு.